அதாரிமயே: சொல்லாமலே இருக்கவேண்டிய தரம்

பொருள் வடிவமைப்புப் பயிற்சிகளில் பேசிக், பெர்ஃபார்மன்ஸ், டிலைட் என்ற மூன்று சொற்கள் அடிக்கடி வரும். ஒரு பொருளில் உள்ள வசதிகளை இந்த மூன்று கூடைகளில் பிரித்துப் போட்டுவிட்டு, எதை மேம்படுத்தலாம் என்று முடிவு செய்வது முறை. தமிழில் இவற்றை அடிப்படை, செயல்திறன், மகிழ்ச்சி என்று எழுதிவிட்டுப் போகிறோம். மூன்றுமே கொஞ்சம் தடம் மாறிய மொழிபெயர்ப்புகள் என்பது என் எண்ணம். ஏனென்றால் மூலம் ஆங்கிலம் இல்லை, ஜப்பானியம்.

தோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நொரியாகி கானோ, 1984இல் தன் குழுவினருடன் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பிரிவுகளை வைத்தார். அதற்கு முன் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், வேலையில் மனநிறைவைத் தருபவை வேறு, மனக்குறையைத் தருபவை வேறு என்று சொல்லியிருந்தார். கானோ அந்த எண்ணத்தைப் பொருளின் தரத்துக்குக் கொண்டுவந்தார்.

முதல் கூடைக்கு அவர் வைத்த பெயர் ‘அதாரிமயே ஹின்ஷித்சு’. ஹின்ஷித்சு என்றால் தரம். அதாரிமயே என்பது ஜப்பானியர் தினமும் பேசும் சொல். நாம் ‘அது இருக்கத்தானே வேணும், அதில் என்ன கேள்வி’ என்போமே, அதே பொருள். இதை ‘அடிப்படை’ என்று எழுதினால் ‘அடிப்படை மாடல்’ போல, குறைந்த விலைக்குக் கிடைக்கும் எளிய சாமான் நினைவுக்கு வருகிறது. கானோ சொன்னது அதை இல்லை. வாங்குபவர் வாய்விட்டுக் கேட்கவே மாட்டார், இல்லாவிட்டால் மட்டும் கொதித்துப்போவார். அதனால் ‘இயல்புக் கூறு’ என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இரண்டாவது ‘இச்சிகென்தெக்கி’, அதாவது ஒற்றைப் பரிமாணம் கொண்டது. ஏற ஏற நிறைவு ஏறும், குறையக் குறைய நிறைவும் குறையும். ‘செயல்திறன்’ என்றதும் மோட்டாரின் வாட் கணக்குக்குள் சிந்தனை சுருங்கிவிடுகிறது. ‘அளவுக் கூறு’ என்றால் சரி. மூன்றாவது ‘மிர்யோகுதெக்கி’. மிர்யோகு என்பது மனதை இழுத்துக்கொள்ளும் சக்தி; அதன் முதல் எழுத்துக்குள்ளேயே பேயைக் குறிக்கும் எழுத்து உட்கார்ந்திருக்கிறது, மயக்குவது என்ற பொருளில். ‘கவர்ச்சி’ நேரான சொல்தான், ஆனால் சினிமா அதை வேறெங்கோ கொண்டுபோய்விட்டது. எனவே ‘ஈர்ப்புக் கூறு’. இருந்தால் மனம் குளிரும், இல்லாவிட்டால் யாரும் தேடமாட்டார்கள்.

இனி இதை ஒரு பட்டறைக்குள் வைத்துப் பார்ப்போம். புவிசார் குறியீடு பெற்ற கோவை கிரைண்டரையே எடுத்துக்கொள்ளலாம். மேசை மேல் வைக்கும் 2 லிட்டர் கிரைண்டர் செய்யும் சிறு உற்பத்தியாளர் ஒருவரிடம் இந்த ஆண்டு ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக்குப் போகும் பையன் டைமர் வைக்கச் சொல்கிறான். சர்வீஸ் பார்ப்பவரோ, டிரம்மின் நடுத்தண்டு அடியில் வாஷர் தேய்ந்து மாவுத்தண்ணீர் கசிகிறது, அதை முதலில் பாருங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கானோ முறையில் ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு கேள்வி உண்டு: அது இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி. பதில்கள் ஐந்து: பிடிக்கும், அப்படித்தான் இருக்கணும், எதுவானாலும் சரி, பொறுத்துக்கொள்வேன், பிடிக்காது. ‘ஒரு சொட்டும் கசியாவிட்டால்?’ என்றால் ‘அப்படித்தான் இருக்கணும்’ என்கிறார் ஒருவர். ‘கசிந்தால்?’ ‘பிடிக்காது.’ இந்த ஜோடி வந்தால் இயல்புக் கூறு. ‘டைமர் இருந்து தானே நின்றால்?’ ‘பிடிக்கும்.’ ‘டைமர் இல்லாவிட்டால்?’ ‘பொறுத்துக்கொள்வேன்.’ இது ஈர்ப்பு. இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது என்றால் அளவு. இரண்டுக்கும் ‘எதுவானாலும் சரி’ என்றால் அந்த வசதியை அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டுக்குமே ‘பிடிக்கும்’ என்பவருக்குக் கேள்வி விளங்கவில்லை என்று அந்தப் பதிலைத் தள்ளிவைக்க வேண்டும். வசதி இருந்தால் பிடிக்காது, இல்லாவிட்டால் பிடிக்கும் என்பதும் வரும். கானோ அதற்கும் ‘எதிர்மறைத் தரம்’ என்று இடம் வைத்திருக்கிறார்.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் 40 வீடுகள் என்று ஒரு கற்பனை எண் எடுப்போம். டைமருக்கு ஈர்ப்பு 18, அளவு 6, இயல்பு 2, பொருட்படுத்தாதது 14. கசிவுக்கு ஈர்ப்பு 1, அளவு 5, இயல்பு 30, பொருட்படுத்தாதது 4. ஈர்ப்பையும் அளவையும் கூட்டி 40ஆல் வகுத்தால், செய்தால் வரும் நிறைவு: டைமருக்கு 0.60, கசிவுக்கு 0.15. அளவையும் இயல்பையும் கூட்டி வகுத்தால், செய்யாவிட்டால் வரும் குறை: டைமருக்கு 0.20, கசிவுக்கு கிட்டத்தட்ட 0.88. அப்படியானால் முதல் பணம் வாஷருக்குத்தான். கசியாத கிரைண்டரை யாரும் பாராட்டப் போவதில்லை. ஆனால் மேடையில் வெள்ளைக் கோடாக ஊர்ந்து, பெல்ட்டில் இறங்கி, புளித்த வாடை அடிக்கும் கிரைண்டரைப் பக்கத்து வீட்டுக்குப் பரிந்துரைப்பவர் யாரும் இல்லை. கசிவு நின்றபின் அதே வாஷரை இன்னும் உயர்ந்த ரகமாக்கப் பணம் போடுவது வீண். அடுத்த பணம் டைமருக்குப் போகலாம்.

டைமரின் எண்களில் இன்னொன்றும் கவனிக்கவேண்டியது: 18 ஈர்ப்பு, 14 பொருட்படுத்தாதது. இப்படிப் பிரிந்தால் பெரும்பாலும் இரண்டு வகை வீடுகள் ஒரே பட்டியலில் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். வேலைக்குப் போய் வருபவர் உளுந்தைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார், அவருக்கு டைமர் வேண்டும். பக்கத்திலேயே நின்று தண்ணீர் தெளித்து, மாவைத் தொட்டுப் பதம் பார்ப்பவருக்கு அது எதற்கு? சராசரியைப் பார்த்து முடிவெடுக்காமல், யார் யார் எந்தப் பதில் சொன்னார்கள் என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகத் தோன்றுவது கேள்வி கேட்கும் விதம். ‘இன்னும் வேகமான மோட்டார் வைத்தால்?’ என்று கேட்டால் எல்லாருமே ‘பிடிக்கும்’ என்பார்கள், அது அளவுக் கூறாகத் தெரியும். அதை நம்பி உற்பத்தியாளர் மோட்டாரை மாற்றிவிடுகிறார். கல் வேகமாகச் சுற்றி மாவு சூடாகிறது, உளுந்து முன்புபோல் பொங்கவில்லை, இட்லி கல்லாகிறது. மிக்சி இருந்தும் கிரைண்டர் வாங்குவதே சூடேறாமல் ஆட்டத்தானே. ‘ஒரு டம்ளர் உளுந்து எவ்வளவு மாவாகப் பொங்கும்’ என்று கேட்டிருந்தால் உண்மையான அளவுக் கூறு பிடிபட்டிருக்கும். வசதியின் பெயரைச் சொல்லாமல், சமையலறையில் கிடைக்கும் பலனைச் சொல்லிக் கேட்கவேண்டும்.

கூடைகளும் நிலையாக இருப்பதில்லை. டிரம்மைச் சாய்த்து மாவை வழிப்பது வந்த புதிதில் ஈர்ப்பு; குனிந்து கனமான குழவியைத் தூக்கிய கைகளுக்குத்தான் அதன் அருமை தெரியும். இன்றைக்குக் கடையில் சாய்க்கும் வசதியைப் பற்றி யாரும் வியப்பதில்லை. டைமரும் எல்லாக் கிரைண்டரிலும் வந்துவிட்டால், ‘அது இல்லாம எப்படிங்க’ என்ற இடத்துக்குப் போய்விடும். அதனால் இந்த இரண்டு கேள்விகளையும் புது மாடல் போடும் ஒவ்வொரு முறையும் திரும்பக் கேட்கவேண்டும், பழைய தாளைப் புரட்டி முடிவெடுக்கக்கூடாது.