அழைப்பு உடன்பாடு: ‘காலிங் கன்வென்ஷன்’ என்பதன் தமிழ்

‘கன்வென்ஷன்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியில் ‘ஒருங்கே வருதல்’ என்னும் பொருள் தரும் வினைச்சொல். ஒன்றுகூடி ஒப்புக்கொண்டது என்பதே அதன் உட்பொருள். ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைக்கும்போது மதிப்புகள் எங்கே வைக்கப்பட வேண்டும் என்று வகுக்கும் ‘காலிங் கன்வென்ஷன்’ என்பதை ‘அழைப்பு மரபு’ என்று எழுதுவதுண்டு. ஆனால் மரபு என்பது பழக்கத்தால் தானாக உருவாவது. இங்கே பேசப்படுவதோ ஒன்றையொன்று பாராமல் தனித்தனியே எழுதப்படும் இரு நிரல்கள் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட எழுத்து வடிவ விதி. ஆகவே ‘அழைப்பு உடன்பாடு’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அழைக்கும் செயற்கூறு கொடுக்கும் மதிப்பை ‘அளபுரு’ என்றும், அது பெற்றுக்கொள்வதைத் ‘திருப்பும் மதிப்பு’ என்றும் சொல்லலாம்.

32 பிட் ஆர்ம் செயலிகளின் உடன்பாட்டில் முதல் நான்கு சொல்லளவு அளபுருக்கள் `r0` முதல் `r3` வரையிலான பதிவகங்களில் செல்கின்றன. மிகுந்தவை அடுக்கில் வைக்கப்படுகின்றன. திருப்பும் மதிப்பு `r0` இல் வரும். அது 64 பிட் எனில் `r0`, `r1` இரண்டிலும் வரும். இதுவரை எளிது. சிக்கல் 64 பிட் அளபுருவில் தொடங்குகிறது. சி மொழியில் இப்படி அறிவித்த செயற்கூற்றை அசெம்பிளியில் எழுதுவதாகக் கொள்வோம்.

```c
long long add(int k, long long p);
```

`k` என்பது `r0` இல் வரும். அடுத்து `p` தன் கீழ்ப்பாதியை `r1` இலும் மேற்பாதியை `r2` இலும் கொண்டுவரும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் 64 பிட் மதிப்பு இரட்டை எண்ணுள்ள பதிவகத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது உடன்பாடு. ஆகவே `r1` பயன்படாமல் விடப்படுகிறது. லிட்டில் எண்டியன் முறையில் கீழ்ப்பாதி `r2` இலும் மேற்பாதி `r3` இலும் வருகின்றன.

```
add:
    asr  r1, r0, #31
    adds r0, r0, r2
    adc  r1, r1, r3
    bx   lr
```

முதல் வரி `k` இன் குறியை மேற்பாதிக்கு நீட்டுகிறது. இரண்டாம் வரி கீழ்ப்பாதிகளைக் கூட்டி, மிச்சத்தைக் கொடியில் வைக்கிறது. மூன்றாம் வரி அந்த மிச்சத்தையும் சேர்த்து மேற்பாதியைக் கூட்டுகிறது.

`r1` இலிருந்து `p` ஐப் படித்துவிட்டால் கம்பைலர் பிழை எதையும் காட்டாது, ஏனெனில் அது அசெம்பிளியின் உள்ளே பார்ப்பதில்லை. `r1` இல் அதற்கு முன் எது எஞ்சியிருந்ததோ அதுவே கூட்டலில் சேரும். ஆகவே ஒரே உள்ளீட்டுக்கு `-O0` இல் ஒரு விடையும் `-O2` இல் வேறொரு விடையும் வருமானால், அழைப்புக்குரிய `bl` கட்டளையில் நிறுத்திப் பதிவகங்களைப் பார்ப்பதே விரைவான வழி.

இவற்றின் பின் `int c` என்ற மூன்றாம் அளபுரு சேர்ந்தால், காலியாகக் கிடக்கும் `r1` அதற்குக் கிடைக்காது. பதிவக வரிசை பின்னோக்கித் திரும்புவதில்லை என்பதால் அது அடுக்குக்குச் சென்றுவிடும், செயற்கூறு தொடங்கும் கணத்தில் `[sp]` இல் இருக்கும். அறிவிப்பிலேயே `p` ஐ முதலில் வைத்து `k`, `c` ஆகியவற்றை அடுத்து எழுதினால், மூன்றும் நான்கு பதிவகங்களுக்குள் அடங்கிவிடும்.