அன்னாள் 'கருவளமற்றவள்' அல்ல

யாங்கோனில் எங்கள் தமிழ்ச் சபைகளில் பிள்ளையில்லாத தம்பதியருக்கென்று ஜெபக்கூட்டம் வைத்தால், பிரசங்கம் பெரும்பாலும் 1 சாமுவேல் முதல் அதிகாரம்தான். சீலோவின் ஆலயத்தில் அன்னாள் அழுது ஜெபித்த கதை. முன்பு 'மலடியின் ஜெபம்' என்று தலைப்பு வைப்பார்கள். அது காதில் குத்துகிறதென்று இப்போது 'கருவளமற்ற அன்னாள்' என்கிறார்கள். இதற்கு பழையதே தேவலை.

மலடு பழந்தமிழ்ச் சொல். ஈனாத பசுவுக்கும் அதுதான். எபிரெயத்தில் அதற்கு நேரான சொல் 'அகாரா'. சாராய், ரெபெக்காள், ராகேல், மனோவாவின் மனைவி எல்லாருக்கும் வேதம் அந்தச் சொல்லைப் போடுகிறது. அன்னாளின் கதையில் மட்டும் போடவில்லை. "அன்னாளுக்கோ பிள்ளை இல்லை" என்பதோடு சரி. 'மலடி' வருவது அடுத்த அதிகாரத்தில், பிள்ளை பெற்றபின் அவளே பாடும் பாட்டில், அங்கும் பொதுவாகத்தான்.

சரி, 'கருவளமற்றவள்' எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரித் துண்டுப்பிரசுரத்திலிருந்து. பன்னிரண்டு மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால் மருத்துவர்கள் தம்பதியைப் பார்த்துச் சொல்வது அது. காரணம் கணவனிடமும் இருக்கலாம். அதைத் தூக்கிப் பெண் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாகரிகம் என்கிறோம். போதாததற்கு 'அற்ற' என்று முடித்தும் விடுகிறோம். வேதமோ கர்த்தர் "அவள் கர்ப்பத்தை அடைத்திருந்தார்" என்கிறது. அடைத்த கதவு திறக்கும். திறந்தது, சாமுவேலுக்குப் பின் மூன்று குமாரரும் இரண்டு குமாரத்திகளும் பிறந்தார்கள். வளமே அற்றவளுக்கு ஆறு பிள்ளையா?

அந்த வசனத்தையும் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். அது அன்னாளைப் பற்றிச் சொன்னது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைக் காட்டி, "கர்த்தர் உன் கர்ப்பத்தையும் அடைத்தார்" என்று பிரசங்கியார் சொன்னால், அது அன்னாளின் சக்களத்தி பெனின்னாளின் குத்தல்தான், மைக்கில் வருகிறது, அவ்வளவே.

அன்னாள் தன்னை என்ன சொல்லிக்கொண்டாள்? உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. குடிவெறி என்று நினைத்து ஆசாரியர் ஏலி அதட்டுகிறார். அவள் சொன்ன பதில், "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ". வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே வேண்டிய சொல் 'பிள்ளையில்லாதவள்'. இருவருக்கும் சேர்த்துப் 'பிள்ளையில்லாத தம்பதி'. வீட்டில் நாம் பேசுவதும் அதுதானே! ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பேச்சில் இருக்கிற சொல் என்றால் இளப்பம். 'அற்ற', 'இன்மை' என்று ஏதாவது ஒட்டினால்தான் எழுதியதாகத் திருப்தி.

இன்னொன்று. உபாகமம் 7:14 "ஆணிலாகிலும் பெண்ணிலாகிலும்" மலடு இராது என்கிறது. எபிரெயத்தில் ஆணுக்கும் அதே சொல்தான். தமிழிலும் 'மலடன்' உண்டு. அந்த வசனத்தை எடுத்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.