கலோரி: பொங்கல் தட்டுக்குள் ஒரு சூட்டுக் கணக்கு

வேலூர் ஆற்காடு சாலை டிபன் கடை ஒன்றின் மெனு அட்டையில் "வெண்பொங்கல் – 295 கலோரி" என்று இருந்தது. இயற்பியல் வாத்தியார் கண்ணில் பட்டால் சிரிப்பார். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கும் வெப்பம்தான் ஒரு கலோரி. அந்தக் கணக்கில் 295 கலோரியால் ஒரு டம்ளர் தண்ணீர் இரண்டு டிகிரிகூடச் சூடாகாது. அட்டையில் வந்திருக்க வேண்டியது கிலோ கலோரி.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. லத்தீனில் 'கலோர்' என்றால் வெப்பம். அதிலிருந்து 'கலோரி'யை அலகாக்கி, 1820களை ஒட்டிப் பாரிசில் பாடம் நடத்திய நிக்கோலா கிளெமான், கிராமை அல்ல, ஒரு கிலோ தண்ணீரைத்தான் கணக்கில் வைத்தார். பிற்பாடு கிராம் அளவும் அதே பெயரில் வழங்கவே குழப்பம் வந்தது. சாப்பாட்டுப் பேச்சில் கலோரி என்றாலே கிலோ கலோரிதான்.

தமிழில் எப்படி எழுதலாம்? 'வெப்ப அலகு' என்பது பல அலகுகளுக்கும் பொது. 'சத்து' என்று போட்டால் எண் கூடக் கூட நல்லது என்று நெய்ப்பொங்கல் இன்னும் இரண்டு தட்டு விற்கும்! அளக்கப்படும் பொருளுக்கு 'ஆற்றல்', அலகுக்கு 'கிலோ கலோரி' என்பதே என் தேர்வு. கிராமையும் மீட்டரையும் நாம் பெயர்க்கவில்லையே. "ஆற்றல்: 295 கிலோ கலோரி" என்றால் முடிந்தது.

இந்த 295 எப்படி வந்தது? ஒரு கிலோ பச்சரிசி, கால் கிலோ பாசிப்பருப்பு, 200 கிராம் நெய், 50 கிராம் முந்திரி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணையை ஒட்டி, அரிசிக்குச் சுமார் 3,560, பருப்புக்கு 815, நெய்க்கு 1,800, முந்திரிக்கு 290. மொத்தம் 6,465. தண்ணீருக்கு ஆற்றல் இல்லை, எடை மட்டும் உண்டு. அதனால் காலி அண்டாவை முதலில் நிறுத்துவிட்டு, வெந்த பிறகு பொங்கலோடு நிறுக்க வேண்டும். பொங்கல் மட்டும் ஐந்தரைக் கிலோ என்றால், 100 கிராமுக்கு 118 வரும். கால் கிலோ தட்டுக்கு ஏறத்தாழ 295.

தவறு நடப்பது இந்த இடத்தில்தான். வெந்த எடையைப் பச்சை அரிசியின் எண்ணோடு பெருக்கினால் அதே தட்டு 890 ஆகிவிடும். ஒரு தட்டுப் பொங்கலுக்கு 800, 900 என்று அட்டை சொன்னால் இந்தத் தப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எதிர்ப்பக்கத் தப்பு கரண்டியில் இருக்கிறது. பரிமாறும்போது மேலே ஊற்றும் 10 கிராம் நெய் 90ஐக் கூட்டும், அது அட்டையில் ஏறுவதே இல்லை. சாம்பார், சட்னிக்குத் தனிக் கணக்கு.

ஆம்பூர் பிரியாணிக்கு இந்த அண்டாக் கணக்கு அப்படியே செல்லாது. எலும்பின் எடையை இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும். அப்படியும் ஒரு தட்டில் கறி கூடும், இன்னொன்றில் சோறு கூடும்.

10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கிலோ கலோரி காட்ட வேண்டும் என்பது 2020இல் வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஒற்றைக் கடைக்கு, மத்திய உரிமம் இல்லாதவரை, அந்தக் கட்டாயம் இல்லை. இந்தக் கடைக்காரர் தானாகவே போட்டிருக்கிறார். 'கிலோ' மட்டும்தான் பாக்கி.