ரிக்ரஷன் கிங்க் டிசைன்: தமிழில் சாய்வு மடிப்பு முறை

அரசு தரும் ஒரு உதவித்தொகை, சூத்திரப்படி ஏறிக்கொண்டே போய் ஒரு வரம்பைத் தொட்டதும் ஏறும் வேகத்தை மாற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை அந்த இடத்தில் திடீரென்று கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. சாய்வு மட்டும் மாறுகிறது. அந்தச் சாய்வு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு, 'உதவித்தொகை கூடினால் மக்கள் நடத்தை எவ்வளவு மாறுகிறது' என்று கணிக்கும் முறைக்குத்தான் ரிக்ரஷன் கிங்க் டிசைன் என்று பெயர்.

ஆங்கிலத்தில் கிங்க் என்பது கப்பல்காரர்களின் சொல்லாக, டச்சு மொழியிலிருந்து வந்தது. கயிறு முறுக்கிக்கொண்டு ஓரிடத்தில் மடங்கி நிற்பதை அது குறித்தது. கயிறு அறுவதில்லை, திசை மட்டும் மாறுகிறது. ரிக்ரஷன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்; நம் பாடநூல்களில் அது தொடர்புப் போக்கு. இரண்டையும் சேர்த்து இந்த முறைக்குப் பெயராக்கியவர்கள் ஹெலேனா ஸ்குட் நீல்சன், டோர்பென் சோரன்சன், கிறிஸ்டபர் டேபர் ஆகிய மூவர். டென்மார்க் மாணவர் உதவித்தொகை பற்றி 2010இல் வெளியான ஆய்வில் அப்படி அழைத்தார்கள். 2015இல் டேவிட் கார்ட், டேவிட் லீ, ஜுவான் பெய், ஆண்ட்ரியா வெபர் ஆகியோர் ஆஸ்திரியாவின் வேலையின்மை உதவித்தொகையை எடுத்துக்கொண்டு இதற்கு முழுமையான கோட்பாட்டு அடித்தளம் போட்டார்கள்.

தமிழில் இதை 'முறிவு' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. முறிவு என்றால் கோடு இரண்டு துண்டாகிவிட்டது என்ற எண்ணம் வரும். அது பக்கத்து முறையான ரிக்ரஷன் டிஸ்கன்டினியூட்டி டிசைனின் இலக்கணம். 'முடக்கு' தெருமுனைக்குச் சரி, ஆனால் எழுத்தில் முடக்கம் நினைவுக்கு வந்துவிடும். 'மடிப்பு' பொருந்துகிறது: மடித்த தாள் கிழிவதில்லை. ஆகவே கிங்க் என்பது சாய்வு மடிப்பு. இந்த முறை சாய்வு மடிப்பு முறை. வரம்பில் அளவே திடீரென்று மாறுகிற அந்தப் பக்கத்து முறையைத் தாவல் முறை என்று சொல்லலாம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆஸ்திரியாவிலேயே பார்க்க முடியும். அங்கே 1988இல் தொடங்கிய ஒரு சிறப்புத் திட்டம், குறிப்பிட்ட சில பகுதிகளில் 50 வயது நிரம்பியவர்களுக்கு உதவித்தொகை பெறக்கூடிய காலத்தை 30 வாரத்திலிருந்து 209 வாரமாக நீட்டியது. 49 வயது 11 மாதத்தில் வேலை போனவருக்கும் 50 வயது 1 மாதத்தில் போனவருக்கும் இடையே உரிமை அடியோடு மாறுகிறது. வயதை இடமிருந்து வலமாக வைத்து வரைந்தால், 50இல் கோடு அறுந்து மேலே போய் மறுபடி தொடங்கும். இது தாவல். எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்கள் சராசரியாக எத்தனை வாரம் வேலையில்லாமல் இருந்தார்கள் என்று பார்த்துக் கழித்தாலே பாதி வேலை முடிந்தது.

உதவித்தொகையின் அளவு வேறு கதை. ஆஸ்திரியாவில் அது பழைய நிகரச் சம்பளத்தில் ஏறக்குறைய 55 சதவீதம். மேலே ஓர் உச்சவரம்பு உண்டு. உண்மையான சூத்திரத்தில் குடும்பப் படி, குறைந்தபட்சத் தொகை எல்லாம் சேரும். அவற்றை ஒதுக்கிவிட்டு, வரம்பு நாளுக்கு 44 யூரோ என்று நாமே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வோம். W என்பது நாள் சம்பளம், b என்பது நாள் உதவித்தொகை:

```
b = 0.55 × W     (W ≤ 80)
b = 44           (W > 80)
```

80 யூரோவில் இரண்டு வரிகளும் 44ஐத்தான் தருகின்றன. 79.90 சம்பளக்காரருக்கும் 80.10 சம்பளக்காரருக்கும் கையில் கிடைப்பதில் சில காசுதான் வித்தியாசம். இருவரின் சராசரியையும் கழித்துப் பார்த்து ஒன்றும் கிடைக்காது. மாறியிருப்பது ஒன்றே ஒன்று: இடப்பக்கம் சம்பளம் ஒரு யூரோ கூடினால் உதவித்தொகை 0.55 யூரோ கூடும், வலப்பக்கம் கூடாது.

இனி, அவர்கள் எத்தனை நாள் வேலையில்லாமல் இருந்தார்கள் என்பதைச் சம்பளத்துக்கு எதிராக வரைகிறோம். வரம்புக்கு இடப்பக்கம் சம்பளம் ஒரு யூரோ கூடக்கூட அந்தக் காலம் 0.15 நாள் நீள்கிறது, வலப்பக்கம் 0.18 நாள் குறைகிறது என்று கிடைத்ததாகக் கொள்வோம் (இவையும் கற்பனை எண்களே). வலப்பக்கத்தில் உதவித்தொகை அசையாததால், அந்த 0.18 நாள் குறைவு முழுக்கச் சம்பளத்தோடு ஒட்டிவரும் மற்ற விஷயங்களின் வேலை: திறமை, படிப்பு, தொழில். அதே விஷயங்கள் 80 யூரோவுக்குச் சற்று இடப்பக்கத்திலும் அதே வேகத்தில்தான் வேலை செய்யும் என்று கொண்டால், அங்கேயும் 0.18 நாள் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 0.15 கூடியிருக்கிறது. இடைவெளி 0.33 நாள். இந்த இடைவெளியை உண்டாக்கக்கூடியது 0.55 யூரோ கூடுதல் உதவித்தொகை மட்டுமே. 0.33ஐ 0.55ஆல் வகுத்தால் 0.6. அதாவது நாள் உதவித்தொகையில் ஒரு யூரோ கூடினால் வேலையின்மை 0.6 நாள் நீள்கிறது. 44 யூரோவைப் பத்து சதவீதம் உயர்த்தினால் இரண்டரை நாளுக்குச் சற்று மேல்.

சாய்வு மாற்றத்தைச் சாய்வு மாற்றத்தால் வகுப்பது, அவ்வளவுதான் முறை. ஆனால் மேலே 'என்று கொண்டால்' என்று ஒரு சொல்லைப் போகிற போக்கில் சொன்னேனே, முழுப் பாரமும் அதன்மேல்தான் இருக்கிறது. தாவல் முறையில், உதவித்தொகை இல்லாவிட்டால் கோடு வரம்பில் அறுந்திருக்காது என்று நம்பினால் போதும். மடிப்பு முறையிலோ அது மடங்கியிருக்கவும் கூடாது. வகைக்கெழுவும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

இந்தக் கூடுதல் நம்பிக்கை எங்கே காலை வாரும் என்பதற்கு ஒரு கணக்கு. உதவித்தொகைக்கு எந்த விளைவுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையின்மை நாள்கள் சம்பளத்தோடு மெல்ல வளைந்து போகின்றன: −0.01 × (W − 80)². வரம்பிலிருந்து 15 யூரோ தள்ளிப்போனால் 2.25 நாள்தான் குறையும். சராசரி நூறு நாளைத் தாண்டும் தரவில் இந்த வளைவைக் கண்ணால் பார்க்கவே முடியாது. இருபுறமும் 15 யூரோ அகலத்துக்கு ஆள்கள் சீராகப் பரவியிருக்க, ஆய்வாளர் இடப்பக்கம் ஒரு நேர்கோடும் வலப்பக்கம் ஒரு நேர்கோடும் பொருத்துகிறார். இடப்பக்கச் சாய்வு +0.15, வலப்பக்கச் சாய்வு −0.15 என்று வரும். வித்தியாசம் 0.30, அதை 0.55ஆல் வகுத்தால் 0.55 நாள். முன்னே கிடைத்த 0.6க்கு ஏறக்குறைய சமம். விளைவே இல்லாத இடத்தில் விளைவு முளைத்துவிட்டது.

அதே வளைவு தாவல் முறையை ஒன்றும் செய்வதில்லை. இரண்டு கோடுகளும் 80இல் 0.375 நாள் உயரத்தில் சந்திக்கும். இருபுறப் பிழையும் ஒரே அளவு என்பதால் கழிக்கும்போது அடிபட்டுப் போகிறது, தாவல் பூச்சியம்தான். ஆகவே மடிப்பைத் தாவலின் சின்ன வடிவம் என்று நினைத்துப் பழைய பழக்கத்திலேயே வேலை செய்பவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள்.

பொய் மடிப்பைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. வரம்புக்கு இருபுறமும் நாம் எடுத்துக்கொள்ளும் பட்டையின் அகலத்தோடு சேர்ந்து அது சுருங்கும். 15 யூரோவுக்குப் பதில் 5 யூரோ எடுத்தால் மேற்சொன்ன 0.55, மூன்றில் ஒரு பங்காகி 0.18க்கு வந்துவிடும். உண்மையான மடிப்பு அப்படிச் சுருங்காது. இங்கேதான் அடுத்த சிக்கல். பட்டையைக் குறுக்கினால் ஆள்கள் குறைவார்கள் என்பது எல்லா முறைக்கும் பொது. சாய்வுக்கு அதற்கு மேலும் ஒரு தண்டனை உண்டு: கோட்டின் நீளமும் குறைந்துபோவதால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே நிச்சயமில்லாமல் ஆகிவிடும். 15ஐ 5ஆக்கினால் தாவல் மதிப்பீட்டின் திட்டப் பிழை 1.7 மடங்காகும்; சாய்வு மதிப்பீட்டின் திட்டப் பிழை 5 மடங்கைத் தாண்டும். நேர்கோட்டுக்குப் பதில் இருபடிக் கோடு பொருத்தி வளைவைச் சமாளிக்கலாமே என்றால், ஆள்கள் சீராகப் பரவிய நிலையில் அதுவே திட்டப் பிழையை 4 மடங்காக்கிவிடுகிறது. கணக்கெடுப்பு மாதிரியில் சில ஆயிரம் பேரை வைத்து இந்த முறையைத் தொடுவது வீண். ஆஸ்திரிய ஆய்வு போன்றவை லட்சக்கணக்கான அரசுப் பதிவுகளில் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

சரிபார்க்கும் வழிகளில் எனக்கு அதிகம் பிடித்தது, வரம்பு இல்லாத இடங்களில் வரம்பு இருப்பதாகப் பாவித்துப் பார்ப்பது. 60, 65, 95, 100 என்று பல புள்ளிகளில் அதே கணக்கைப் போட வேண்டும். அங்கெல்லாம் 0.3 அளவு சாய்வு மாற்றம் சர்வசாதாரணமாக வருகிறதென்றால், 80இல் வந்த 0.33க்கு மதிப்பில்லை. பீட்டர் கனோங், சைமன் யேகர் இருவரும் இதையே முறையான சோதனையாக வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். உச்சவரம்பு ஆண்டுதோறும் திருத்தப்படும் நாடுகளில் இன்னொரு வசதி: வரம்பு 80இலிருந்து 84க்கு நகர்ந்தால் வேலையின்மைக் கோட்டின் மடிப்பும் கூடவே நகர வேண்டும். சம்பளத்தோடு இயல்பாக வரும் வளைவுக்கு அரசாணை தெரியாது.

ஆள்களின் பரவலையும் பார்த்தாக வேண்டும். சம்பளவாரியாக எத்தனை பேர் என்ற வரைபடம் 80இல் குவியவோ மடங்கவோ கூடாது. குவிந்தால், தொகையை அறிந்து சம்பளத்தைச் சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வருமான வரி ஆய்வுகளில் இந்தக் குவிதலையே அளந்து முடிவெடுக்கும் வேறொரு முறை உண்டு. அதுவும் கிங்க் என்ற சொல்லைப் பயன்படுத்துவதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே மக்கள் வரம்பைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பதுதான் சான்று. இங்கே அப்படித் தேர்ந்தெடுத்தால் ஆய்வே கெட்டது. அதே 80 யூரோவில் வரி விகிதமோ காப்பீட்டுச் சந்தாவோ சாய்வை மாற்றினாலும் கெட்டதுதான், 0.33இல் எவ்வளவு யாருடைய பங்கு என்று பிரிக்க வழியிருக்காது.

கிடைக்கும் 0.6 நாள் என்ற விடை 80 யூரோவை ஒட்டிய சம்பளக்காரர்களுக்கு உரியது. நாளுக்கு 40 யூரோ சம்பாதித்தவர் எப்படி நடந்துகொள்வார் என்று அது சொல்லாது. உதவித்தொகையை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் அதனிடம் கேட்க முடியாது. அந்தச் சூத்திரத்தில் 44 யூரோ பூச்சியமாகும் இடமே இல்லை.