மேன்ஹோல் மூடி: சொல்லும் எடைக் கணக்கும்

மேன்ஹோல் என்பது நேரடியாக ‘ஆள் துளை’. கொதிகலன், தொட்டி, கப்பல் அறை, சாக்கடை என்று எதுவாக இருந்தாலும், பழுது பார்க்க ஓர் ஆள் உள்ளே போகிற அளவுக்கு விடப்பட்ட வழி அது. தமிழில் ‘ஆள்நுழை குழி’, ‘ஆள் இறங்கு குழி’ என்று எழுதுகிறார்கள். தெருவில் அது ‘பாதாள சாக்கடை மூடி’தான், சென்னைப் பேச்சில் மேனோல்.

இந்தப் பெயர் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2023 மத்திய பட்ஜெட் உரையில் ‘மேன்ஹோல்’ முறையிலிருந்து ‘மெஷின்ஹோல்’ முறைக்கு மாறுவது பற்றிப் பேசப்பட்டது. ‘இயந்திர நுழைவாயில்’ என்ற சொல் அந்த வழியில் வந்தது. சாக்கடைக்கு இதுவே சரியான சொல். கொதிகலனுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஆள்நுழை வாய் என்பதே பொருந்தும், அங்கே இன்னும் ஆள்தான் நுழைகிறார்.

மூடி வார்ப்பிரும்பு. தோசை வார்க்கிறோமே, அதே ‘வார்’: உருக்கிய இரும்பை மணல் அச்சில் வார்த்து எடுப்பதால் வார்ப்பிரும்பு. இதை எஃகு என்று எழுதிவிடுவது மொழிப்பிழையோடு நிற்காது, கணக்கிலும் பிழையாகும். மூடிக்குப் பயன்படும் சாம்பல் நிற வார்ப்பிரும்பில் கரி மூன்று சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து நிற்கும். கிராஃபைட்டின் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே எடையில் சிறிதாக இருக்கும் அந்தக் கரி, கன அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொள்கிறது. எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. சாம்பல் வார்ப்பிரும்புக்குக் கணக்கில் 7,200 என்று வைத்தால் போதும். வார்ப்பைப் பொறுத்து 7,000 முதல் 7,300 வரை மாறலாம்.

வட்டத் தகடு ஒன்றின் எடை:

```
W = 0.7854 × D² × t × ρ
```

D விட்டம், t தடிமன் (இரண்டும் மீட்டரில்), ρ அடர்த்தி, W கிலோவில் எடை. 0.7854 என்பது π-யின் கால் பங்கு. விட்டத்தையே நேராகப் போடலாம் என்பதுதான் இந்த வடிவத்தின் வசதி. ஆரம் வைத்து எழுதும் வாய்பாட்டில் பாதியாக்க மறந்தால் விடை நான்கு மடங்காகிவிடும்.

600 மி.மீ. விட்டம், 40 மி.மீ. தடிமன் உள்ள மூடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 0.6-இன் வர்க்கம் 0.36. அதை 0.7854 ஆல் பெருக்கினால் பரப்பு 0.2827 சதுர மீட்டர். தடிமன் 0.04 மீட்டரால் பெருக்க, கன அளவு 0.01131 கன மீட்டர். 7,200 ஆல் பெருக்கினால் 81.4 கிலோ. எஃகின் அடர்த்தியைப் போட்டிருந்தால் 88.8 கிலோ என்று வந்திருக்கும். ஏழு கிலோவுக்கு மேல் காற்றில்.

இதிலிருந்து மனதில் வைத்துக்கொள்ள ஓர் எண் கிடைக்கிறது: 600 மி.மீ. மூடியில் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனும் சுமார் 2 கிலோ. கணக்கு 81 என்று சொல்ல, தராசு 72 காட்டினால், சராசரித் தடிமன் நாலரை மில்லிமீட்டர் குறைவு என்று உடனே தெரியும். அளவுகோலை வைத்துப் பல இடங்களில் அளந்து பாருங்கள். தடிமன் சரியாகவே இருந்தால், உள்ளே காற்றறைகள் இருக்கலாம், அல்லது அது நாம் நினைத்த உலோகமே அல்ல.

விட்டத்தில் கவனிக்க வேண்டியது எந்த விட்டம் என்பது. பட்டியலில் எழுதியிருப்பது பெரும்பாலும் திறப்பின் விட்டம். மூடி, திறப்பைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார வேண்டுமானால் அதைவிட அகலமாக இருக்க வேண்டும். 560 மி.மீ. திறப்புக்கு 600 மி.மீ. மூடி என்றால் விட்டத்தில் 7 சதவீத வித்தியாசம்தான். விட்டம் வர்க்கமாவதால் எடையில் அது கிட்டத்தட்ட 15 சதவீதம்.

ஆனால் பெரிய பிழை தடிமனில்தான் நேர்கிறது. சாலையில் கிடக்கும் மூடியின் விளிம்பை அளந்தால் 60 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரே வாய்பாட்டில் போட்டால் 122 கிலோ. மூடியைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறு: பல மூடிகள் கெட்டித் தகடு அல்ல. மேலே ஒரு மெல்லிய தகடு, சுற்றிலும் ஒரு வளையம், அடியில் குறுக்கு விலா எலும்புகள். அப்போது துண்டு துண்டாகத்தான் கணக்கிட வேண்டும்.

மேல் தகடு 16 மி.மீ. என்றால் 32.6 கிலோ. விளிம்பு வளையம் 20 மி.மீ. அகலம், தகட்டுக்குக் கீழே 44 மி.மீ. உயரம்: வெளிவிட்டம் 600, உள்விட்டம் 560. இரண்டு வட்டங்களின் பரப்பைக் கழித்து, உயரத்தால் பெருக்கினால் 11.5 கிலோ. 20 மி.மீ. அகலமும் அதே 44 மி.மீ. உயரமும் உள்ள இரண்டு விலாக்கள் நடுவில் வெட்டிக்கொள்கின்றன. வெட்டும் இடத்தை ஒருமுறைதான் எண்ண வேண்டும். சேர்த்து 7 கிலோ. மொத்தம் 51 கிலோ. விளிம்பை மட்டும் நம்பியவரின் விடையில் பாதிகூட இல்லை.

மேற்பரப்பில் வழுக்காமல் இருக்கப் போடும் மேடுகளையும் விட்டுவிடக் கூடாது. 3 மி.மீ. மேடுகள் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பினால் சராசரியாக 1 மி.மீ., அதாவது இன்னும் 2 கிலோ. தூக்குவதற்கான சாவித் துளைகளால் குறைவது சொற்பம், கழிக்காவிட்டாலும் ஒன்றுமில்லை.

கணக்கைத் திருப்பியும் போடலாம். மத்திய பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் 560 மி.மீ. கனரக வட்ட மூடிக்குக் குறைந்தபட்ச எடை 108 கிலோ, அதன் சட்டத்துக்கு 100 கிலோ. அந்த மூடி 600 மி.மீ. விட்டமுள்ள கெட்டித் தகடாக இருந்தால் 108ஐ 2.036 ஆல் வகுக்க வேண்டும்: 53 மி.மீ. தடிமன். மேலே பார்த்த 51 கிலோ மூடி அதே சட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் கனரக மூடிக்குரிய இரும்பில் பாதிகூட அதில் இல்லை. கண்ணால் பார்த்து வாங்காமல், சட்டத்தையும் மூடியையும் தனித்தனியாக எடை போட்டு வாங்குவது இதற்காகத்தான்.

மூடியின் மேல் பொறித்திருக்கும் எண்ணை எடை என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஐ.எஸ். 1726 என்ற இந்தியத் தரப்படி இலகு வகைக்கு எல்.டி. 2.5, நடுத்தர வகைக்கு எம்.டி. 10, கனரகத்துக்கு எச்.டி. 20, மிகக் கனரகத்துக்கு ஈ.எச்.டி. 35 என்று பிரிவுகள் இருக்கின்றன. அந்த எண்கள் மூடி தாங்க வேண்டிய சோதனைச் சுமை, டன் கணக்கில். மூடியின் எடைக்கும் அதற்கும் நேர்விகிதம் கிடையாது. விலாக்களை எங்கே, எவ்வளவு ஆழமாக வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே வலிமை.

தூக்குபவருக்கு முழு எடையும் ஒரே நேரத்தில் வராது. ஒரு விளிம்பை மட்டும் கிளப்பும்போது எதிர் விளிம்பு சட்டத்தில் ஊன்றியிருப்பதால், 81 கிலோ மூடிக்குக் கையில் வருவது சுமார் 40 கிலோ. துருவும் மண்ணும் இறுகியிருந்தால் முதல் அசைவுக்கு அதைவிட அதிகம் தேவைப்படும். அந்த இறுக்கத்தை எந்த வாய்பாடும் சொல்லாது. ஆகவே முதலில் விளிம்பைச் சுற்றித் தட்டி மண்ணைச் சுரண்டிவிட்டு, பிறகு இரண்டு சாவி போட்டு இருவராகக் கிளப்புகிறார்கள்.