ஈடுசெய் நீட்டம்: மெய் போன இடத்தில் நெடில்

‘செய்தி’ பேச்சில் ‘சேதி’ ஆகிறது. யகர மெய் விழ, அதற்கு முன்னிருந்த எகரம் ஏகாரமாக நீள்கிறது. மொழியியலார் இதற்கு ஜெர்மனில் இட்ட பெயர் ‘எர்ஸாட்ஸ்டேனுங்’. எர்ஸாட்ஸ் என்றால் ஈடு, டேனுங் என்றால் நீட்டுதல். ‘ஈடுசெய் நீட்டம்’ அதற்குச் சரியாகப் பொருந்தும். நன்னூலின் ‘ஆதி நீடல்’ என்பதை இங்கே எடுத்தாளக் கூடாது. கருமை ‘காரிருள்’ என்பதில் கார் ஆகும்போது ரகர மெய் அப்படியே இருக்கிறது. ஈற்று ‘மை’ போனாலும், நீண்ட உயிரை அடுத்து நின்ற மெய் விழவில்லை. ஆதி நீடல் முதலெழுத்து நீண்டது என்று மட்டுமே சொல்லும். எதற்கு ஈடாக நீண்டது என்பதைச் சொல்லாது.

இந்த மாற்றத்தைப் படிப்படியாகப் பார்க்க இந்தி நல்ல இடம். கையைக் குறிக்கும் சமஸ்கிருத ‘ஹஸ்த’ பிராகிருதத்தில் ‘ஹத்த’ ஆயிற்று. வெவ்வேறான இரு மெய்கள் ஓரின இரட்டையாயின. பிறகு இரட்டை ஒற்றையாகி, கடைசி அகரமும் தேய்ந்து, இந்தியில் ‘ஹாத்’ நின்றது. கர்ம, கம்ம, காம்; ஸப்த, ஸத்த, ஸாத் என்பனவும் இதே வழி. நடுப்படியை இன்றும் காதால் கேட்க வேண்டுமானால் பஞ்சாபியைக் கேளுங்கள்: ஹத்த், கம்ம், ஸத்த். அங்கே இரட்டை மெய் போகவில்லை, உயிரும் நீளவில்லை.

ஏன் நீள்கிறது? அசையை மூடி நிற்கும் மெய்க்கும் ஒரு கால அளவு உண்டு. வடமொழி யாப்பில் ‘ஹத்’ என்ற மூடிய அசையும் ‘ஹா’ என்ற நெடிலசையும் குரு எனப்படும் கனத்த அசைகள், இரண்டும் 2 மாத்திரை. மெய் போனாலும் அதன் காலம் போவதில்லை. உயிர் அதை எடுத்துக்கொள்கிறது. (நம் கணக்கில் குறில் 1, மெய் அரை, ஆக ஒன்றரைதான். அதை வைத்துப் பார்த்தால் ஈடு சரியாக வராது.) அசையைத் தொடங்கும் மெய்க்கு இந்தக் கால அளவு இல்லாததால், அது விழுந்தால் பொதுவாக நீட்டம் வராது.

பலர் தடுமாறுவது ‘பகுதி’ ‘பாதி’யாவதில். இங்கேயும் ககர மெய் போய் நெடில் வந்திருக்கிறது. ஆனால் அந்த மெய் அசையை மூடவில்லை, இரண்டு உயிர்களுக்கு நடுவே நின்றது. அது விழுந்ததும் அகரமும் உகரமும் ஒட்டி ஒரு நெடிலாயின. இது உயிர் ஒடுக்கம். ‘பெயர்’ ‘பேர்’ ஆவதும் அப்படியே. ஓர் உயிர் குறைந்து அசையெண்ணிக்கை சுருங்கியிருந்தால் முதலில் ஒடுக்கம் என்றே ஐயப்படுங்கள். செய்தி, சேதி இரண்டிலும் ஈரசைதான்.

மெய் விழுந்தால் உயிர் நீண்டே தீரும் என்றும் இல்லை. சிந்தியில் பிராகிருத ‘ஹத்த’ என்பதன் இரட்டை ஒற்றையாயிற்று, அகரமோ குறிலாகவே நின்றது. இந்தியிலேயே ஸத்ய, ஸச்ச என்று வந்த சொல் ‘ஸாச்’ ஆகாமல் ‘ஸச்’ என்றே வழங்குகிறது. இதைப் பஞ்சாபிப் பக்கத்துத் தாக்கம் என்று விளக்குவார்கள்.