கடைசித் தவணை கட்டியாச்சு, உறுதி எங்கே?

முள்ளியவளையிலிருந்து ஒரு அம்மா 2024 ஓகஸ்ட்டில் என்னிடம் வந்தார். மகளுக்குச் சீதன உறுதி எழுதவேண்டும். வீடும் வளவும் நாலு பரப்பு, தகப்பன் வழி வந்த உறுதிக்காணி. கையில் பழைய உறுதியின் போட்டோக் கொப்பி ஒன்றும், 2023 யூனில் வங்கியில் கட்டிய கடைசித் தவணையின் பற்றுச்சீட்டும் இருந்தன. “கடன் முடிஞ்சுது ஐயா, உறுதி வங்கியிலதான் கிடக்கு, எடுத்தாச் சரி” என்றார்.

எழுதமுதல் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தில், நாங்கள் ஃபோலியோ என்று சொல்வதில், 2017இல் எழுதிய ஈட்டுறுதி அப்படியே நின்றது. பணம் கட்டி முடித்துப் பதினான்கு மாதம் ஆகியும், பதிவேட்டின்படி அந்த வளவு ஈட்டிலேயே இருந்தது.

கடன் முடிவது என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேலை. கணக்கில் நிலுவை பூச்சியமாகி, அதை வங்கி எழுத்தில் தருவது ஒன்று. ஈட்டை விடுவித்து வங்கி கையொப்பமிட்டு, நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தி, அது காணிப் பதிவகத்தில் பதியப்படுவது இன்னொன்று. வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும் மூலப் பத்திரங்கள் கைக்கு வருவது மூன்றாவது. ஒன்று நடந்தால் மற்ற இரண்டும் தானாக நடக்கும் என்று நம்பித்தான் எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஈடு மீட்காத காணியை வாங்க வருபவரின் சட்டத்தரணி முதல் தேடலிலேயே நிறுத்திவிடுவார்.

அம்மாவை வங்கிக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னேன். அங்கே இன்னொரு கதை வெளிவந்தது. 2020இல் கொரோனாக் காலத்தில் கடன் தவணைகளுக்குச் சலுகைக் காலம் கொடுத்தார்களே, அந்த மாதங்களில் கட்டாமல் விட்டதை வங்கி தனியாக ஒரு கடன் கணக்காக மாற்றியிருந்தது. அதற்கு அவர் கையொப்பமும் வைத்திருக்கிறார், ஆனால் நினைவில்லை. அந்தத் தவணை அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து தானாக வெட்டப்பட்டு வந்தது. கடைசி மாதம் சேமிப்பில் காசு போதவில்லை. 1,870 ரூபா மிச்சம். தண்ட வட்டியோடு நாங்கள் கேட்ட நாளில் அது 2,400 ரூபாவுக்குக் கிட்ட வந்திருந்தது. இந்தச் சின்னத் தொகைக்காகத்தான் கோப்பு முடிவுறாமல் கிடந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதனால் கடைசித் தவணையைக் கட்டப்போகும் முன்பே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இன்ன திகதியில் கட்டி முழுக்க முடிப்பதானால் எவ்வளவு? தவணைப் புத்தகத்தில் இருக்கும் தொகை அதற்கான விடை அல்ல. நாள் வட்டி, தண்டம், காப்புறுதிக் கட்டுப்பணம் என்று சில வெளியே நிற்கலாம்.

கட்டிய பிறகு எழுதும் கடிதத்தில் பலர் “கடன் முடிந்ததற்குக் கடிதம் தரவும்” என்று ஒரு வரியோடு நிறுத்துகிறார்கள். வங்கியும் ஒரு வரியில், இன்ன இலக்கக் கணக்கு முடிவுற்றது என்று தரும். அது பொய்யல்ல, ஆனால் போதாது. ஈட்டுறுதியின் வாசகங்களைப் படித்தால், அந்த ஒரு கடனுக்கு மட்டுமல்ல, கடன்பட்டவர் வங்கிக்குத் தரவேண்டிய எல்லாவற்றுக்கும் அந்தக் காணி ஈடு என்று எழுதியிருப்பதைப் பலதடவை கண்டிருக்கிறேன். மேலதிகப்பற்று, கடனட்டை, மச்சானுக்குப் பிணை நின்ற கடன் என எதையாவது காட்டி உறுதியைப் பிடித்துவைக்க அந்த வாசகம் இடம் கொடுக்கும். ஆகவே எல்லாக் கணக்குகளையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

அந்த அம்மாவுக்கு, மிச்சத்தைக் கட்டுவித்தபின், நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் உடல் இது:

“முகாமையாளர் அவர்களுக்கு. மேற்படி இரண்டு கடன் கணக்குகளுக்கும் உரிய முழுத்தொகையையும் இணைத்துள்ள பற்றுச்சீட்டுகளின்படி செலுத்தி முடித்துள்ளேன். எனவே, கடனாளியாகவோ பிணையாளியாகவோ நான் தங்கள் வங்கிக்குச் செலுத்தவேண்டிய நிலுவை எதுவும் இல்லை என்ற சான்றிதழைத் தந்துதவவும். ஏதாவது உண்டெனில் அதன் கணக்கிலக்கத்தையும் தொகையையும் எழுத்தில் தெரிவிக்கவும். மேற்படி ஈட்டுறுதியை மீட்டு, மீட்பைக் காணிப் பதிவகத்தில் பதிவதற்கு ஆவன செய்யவும். 2017இல் நான் ஒப்படைத்த, கீழே நிரற்படுத்தப்பட்டுள்ள மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவும். எனக்காகப் பிணை நின்ற இருவரையும் விடுவித்தமையை அவர்களுக்கு அறிவிக்கவும். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

கீழே நிரல்: உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர், முன்னுறுதி ஒன்று, நில அளவை வரைபடத்தின் இலக்கமும் துண்டு இலக்கமும், ஈட்டுறுதியின் இலக்கம். “எனது காணிப் பத்திரங்கள்” என்று பொதுவாக எழுதினால், பிறகு ஒன்று குறைந்தால் எதைக் கொடுத்தீர்கள் என்று நீங்களே நிறுவவேண்டி வரும். பட்டியல் கையில் இல்லாவிட்டால் ஈட்டுறுதியின் அட்டவணையில் காணி விவரம் இருக்கும். பத்திரங்களைப் பொறுப்பேற்றபோது வங்கி கொடுத்த துண்டையும் தேடுங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வங்கியின் திகதி முத்திரையை வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் பதிவுத் தபால்.

பதினான்கு நாள் என்பது நானாகப் போடும் கெடு, சட்டம் அல்ல. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பது நாளுக்குள் பத்திரம் தராவிட்டால் நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபா வங்கி தரவேண்டும் என்று ஒரு தம்பி யூடியூப் காணொளியைக் காட்டி என்னோடு வாதாடினார். அது இந்திய ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அது செல்லாது. இங்கே முதலில் கிளை, பிறகு அந்த வங்கியின் தலைமையகத்து முறைப்பாட்டுப் பிரிவு, அதற்கும் அசையாவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம். 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். முத்திரை குத்திய அந்தப் பிரதி இல்லாமல் எந்தப் படியிலும் பேச்சு எடுபடாது.

மூலப் பிரதிக்கு நான் ஏன் இவ்வளவு கரைச்சல் கொடுக்கிறேன் என்று அந்த அம்மா கேட்டார். உறுதி எழுதினால் மூலம் உரியவரிடம் போகும், ஒரு பிரதி நொத்தாரிசிடம் நிற்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். மற்ற ஊர்களில் மூலம் தொலைந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப்பிரதி எடுக்கலாம். வன்னியில் அந்த நொத்தாரிசு இப்போது கனடாவில் இருக்கலாம், அவருடைய அலுமாரி 2009இல் எரிந்திருக்கலாம், பதிவேடுகளும் குறைபட்டிருக்கலாம். அந்த அம்மாவின் 1987ஆம் ஆண்டு உறுதி பொலித்தீன் பையில் சுற்றி மாத்தளன் வரை அவர் இடுப்பிலேயே போய் வந்தது. அதை வங்கியில் கொடுத்ததுதான் முதல் தடவை கையை விட்டுப் போனது.

பதில் பன்னிரண்டாம் நாள் வந்தது. மீட்பு எழுதும் கூலியும் பதிவுச் செலவும் அவர் தலையில்தான். அதற்கு வாதாடிப் பயனில்லை, ஈட்டுறுதியிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. பத்திரங்கள் கொழும்பிலிருந்து வர இன்னும் மூன்று வாரம்.

எடுக்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தேன், நிரலையும் கையில் கொடுத்து. “எல்லாம் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் ஒப்பமிடமுதல் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கம் எண்ணவேண்டும், வரைபட இலக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். மகள் பார்த்தாள். உறுதி இருந்தது, முன்னுறுதி இருந்தது, வரைபடம் இல்லை. உத்தியோகத்தர் “அம்மா, பிறகு வரும், இப்ப சைன் வைச்சிட்டுப் போங்கோ” என்றாராம். மகள் அந்தத் தாளில் “வரைபடம் கிடைக்கவில்லை” என்று தன் கையால் எழுதி, அதன் கீழே அம்மாவைக் கையொப்பம் வைக்கச் செய்தாள். ஆறு நாள் கழித்து வரைபடம் வந்தது, வேறொருவரின் கோப்பிலிருந்து.